பதின்மூன்றில் ஒன்று குறைவு

கமாலுதீன் டாலி கிளார்க். கப்பலிலிருந்தோ வள்ளத்திலிருந்தோ இறங்கும் மூட்டைகளை எண்ணுவது அவன் வேலை. ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். ஐந்து ஐந்தாகக் கட்டுக் கட்டி, பக்கத்தின் அடியில் கூட்டி, கையெழுத்துப் போட வேண்டும். மட்டாஞ்சேரியில் அந்த வேலையைப் பதினேழு வருஷம் செய்தவனுக்குக் கண்ணில் படுவதையெல்லாம் ஐந்து ஐந்தாக எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. படகில் ஏறுகிறவர்களை எண்ணுவான். பள்ளிவாசலில் செருப்புகளை எண்ணுவான்.

ஊர் பாலக்காடு. ராவுத்தர் குடும்பம். மெட்ரிக் முடித்துவிட்டு அங்கே கச்சேரி வாசலில் மனு எழுதும் ஒரு பெரியவரிடம் இரண்டு வருஷம் கையாளாக இருந்தான். அவரிடம் கற்ற பாடம் ஒன்றுதான்: முற்றுப்புள்ளி வைக்காதே. புள்ளி வைத்த இடத்தில் அதிகாரி மூச்சு விடுவான். மூச்சு விட்டால் யோசிப்பான். யோசித்தால் கேள்வி கேட்பான். ஆகவே போய், வந்து, கண்டு, கேட்டு, பட்டு என்று கோத்துக்கொண்டே போ. கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று. அதற்குக் கீழே கையெழுத்து. மனுதாரன் தப்பித்தான்.

1954இல் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்தபோது இந்தக் கைத்திறமை சங்கத்துக்குப் பயன்பட்டது. மூட்டை தூக்குகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுத ஆள் வேண்டும். கமாலுதீன் எழுதினான். நாற்பத்தொரு வாக்குமூலம், நாற்பத்தொரு வாக்கியம். ஒவ்வொன்றும் ஒரு முழுப்பக்கம். சங்க ஆபீஸ் பெட்டிக்குள் போய் ஒன்பது வருஷம் கிடந்தன. கிடக்கட்டும் என்றுதான் அவனும் இருந்தான்.

1963இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எறணாகுளத்திலிருந்து வந்த படகில் கல்யாணராமன் இறங்கினார். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர், துறைமுகத்துக்காரர்களுக்கு மாஷ். முப்பது வயது. பாலக்காட்டு அக்ரகாரத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ்தான், படித்ததெல்லாம் மலையாளம். அச்சுத் தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிப்பார், கையெழுத்துத் தமிழ் அவருக்குப் புழு ஊர்ந்த மாதிரி. கக்கத்தில் ஒரு கட்டு வைத்திருந்தார். கட்டைச் சுற்றியிருந்த சிவப்பு நாடாவைக் கமாலுதீன் தூரத்திலேயே அடையாளம் கண்டான். அது அவன் கையால் கட்டிய நாடா.

"நீங்கதானே கமாலுதீன்? சங்க ஆபீஸ்ல சொன்னா. இது உங்க எழுத்தாக்கும்."

"என் எழுத்துதான் மாஷே. இப்ப எதுக்கு அது?"

"பம்பாயில ஒரு காலாண்டுப் பத்திரிகை. துறைமுகத்துல வேலையை எப்படிப் பங்கு வெச்சாங்கறதைப் பத்திக் கட்டுரை கேட்டிருக்கா. சாப்பா எறியறது, மூப்பன் ஆள் பொறுக்கறது எல்லாம். ஆதாரம் இது ஒண்ணுதான். இதை இங்கிலீஷ்ல கொண்டுவரணும்."

சாப்பா என்றால் தகர வில்லை. கூலிக்கு ஆள் எடுக்கும் மூப்பன் கூட்டத்தின் நடுவே அதை வீசுவான். அடித்துப் பிடித்துக்கொண்டு பொறுக்குகிறவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம்.

"எனக்கு டாலி இங்கிலீஷ்தான் மாஷே தெரியும். வந்தது நாப்பது, கிழிஞ்சது ரெண்டு, நனைஞ்சது ஒண்ணு."

"அது போதும். மிச்சம் நான் பாத்துக்கறேன். உங்களால முடியலைன்னா பரவால்ல, வேற யாரையாவது..."

"வேண்டாம், நானே செய்யுறேன்" என்று கமாலுதீன் சட்டென்று சொன்னான். இந்தக் கட்டு வேறொருவன் கைக்குப் போகக் கூடாது. அதில் ஒரு பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் செல்லப்பாவுடையது.

வாயனசாலையின் மாடியில் உட்கார்ந்தார்கள். கீழே செய்தித்தாள் வாசிக்கிறவர்கள், மேலே இவர்கள் இரண்டு பேர். ஜன்னலுக்கு வெளியே காயலும் அதற்கப்பால் வல்லார்பாடத்துத் தென்னைகளும்.

முதல் பக்கம் சீனியம்மாள், இஞ்சி புடைக்கிறவள். கமாலுதீனுக்கு வேலையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் பென்சிலை எடுத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் தலைக்கு மேல் ஒரு கோடு. மழை பெய்து, ஒன்று. கூரை ஒழுகி, இரண்டு. மூட்டை நனைந்து, மூன்று. வேலை நிறுத்தப்பட்டு, நாலு. வீட்டுக்கு அனுப்பப்பட்ட சீனியம்மாள், குறுக்குக் கோடு. அப்புறம் கோட்டுக்கு ஒரு வாக்கியமாக இங்கிலீஷில் எழுதினான். மழை பெய்தது. கூரை ஒழுகியது. மூட்டை நனைந்தது. வேலை நின்றது. சீனியம்மாள் வீட்டுக்குப் போனாள்.

கல்யாணராமன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஓய், இது கட்டுரையில்ல. சரக்கு வந்த ரசீது."

"அஞ்சுக்கு அஞ்சு சரியா இருக்கே மாஷே."

"எண்ணிக்கை சரி. ஆனா அஞ்சும் ஒரே எடையா இருக்கே? எது பெரிசு, எது சின்னதுன்னு படிக்கறவாளுக்கு எப்படித் தெரியும்? உங்க தமிழ்ல கடைசியில ஒரு வினை வருது பாருங்கோ, மிச்சமெல்லாம் அதுல தொங்கிண்டு இருக்கு. முதல்ல அந்தக் கடைசியைப் பிடியுங்கோ. யாரு, என்ன ஆச்சு. அதை முன்னால கொண்டுவாங்கோ."

"சீனியம்மாளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"ஆச்சு. இனி, ஏன்? மழை, ஒழுக்கு, நனைஞ்ச மூட்டை, மூணும் ஒரே காரணத்தோட மூணு படி. மூணையும் ஒரு வாக்கியத்துல கட்டலாம். மழையில கூரை ஒழுகி மூட்டை நனைஞ்சது, அதனால வேலை நின்னது. தமிழ்ல 'து'வும் 'இ'யும் சும்மா கோத்துண்டு போயிடறது. அது அப்புறமாங்கறதா, அதனாலயாங்கறதா, எழுதினவன் சொல்லவே வேண்டாம். இங்கிலீஷ்ல 'ஆஃப்டர்'னு போடணும், இல்லைன்னா 'பிகாஸ்'னு போடணும். ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்."

"சரி."

"இன்னொண்ணு. வேலை நிறுத்தப்பட்டுன்னு இருக்கே. நிறுத்தினது யாரு?"

"மூப்பன்தான். வேற யாரு?"

"அப்போ மூப்பன் நிறுத்தினான்னு எழுதுங்கோ. தமிழ்ல ஒரு வரிக்குள்ள ஒளிஞ்சிண்டிருக்கறவனெல்லாம் இங்கிலீஷ்ல வெளியில வந்து நிக்கணும்."

கமாலுதீன் எழுதினான். பென்சில் நுனி ஒடிந்தது. சீவினான்.

ஒன்பது ஞாயிறு இப்படிப் போயிற்று. வேலை அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பெயருக்கு முன்னால் ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடக்கும் பெட்டிகளைக் கழற்றுவான். ஆளை முதலில் நிறுத்துவான். அவன் யார் என்று ஒரு சின்ன வாக்கியம், அப்புறம் நடந்தது நடந்த வரிசையில். சில இடத்தில் மூன்று துண்டு ஒரு வாக்கியத்துக்குள் போகும், சில இடத்தில் ஒரு துண்டுக்கே ஒரு வாக்கியம் வேண்டும். எத்தனை வாக்கியம் ஆனாலும் கல்யாணராமனுக்குக் கவலை இல்லை. ஒரு துண்டும் கீழே விழக் கூடாது. அதற்குக் கமாலுதீனின் முறையையே அவரும் எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பக்கத்தில் கோடு. இங்கிலீஷ் பக்கத்தில் கோடு. இரண்டும் ஒத்துப்போனால் அடியில் கமாலுதீன் கையெழுத்து.

"டாலி" என்பார் கல்யாணராமன்.

"டாலி" என்பான் இவன்.

ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்து, படகுத்துறைக்குப் பக்கத்தில் செல்லப்பாவின் சாயாக்கடைக்குப் போவான். ஒன்பது வருஷமாகப் போகிற கடை. செல்லப்பா வலது காலை இழுத்துத்தான் நடப்பான். முட்டு மடங்காது. தூக்குக்கூலி வேலை போன பிறகு சங்கத்துக்காரர்கள் கூரை போட்டுக் கொடுத்த கடை அது.

"கிளார்க்கே, நம்ம கதை எத்தனாவது பக்கம்?"

"இன்னும் வரல. நாப்பத்தொண்ணுல கடைசி."

"கடைசியிலயா? நொண்டின்னு கடைசியில நிறுத்திட்டியா?" செல்லப்பா சிரிப்பான். "எல்லாம் நல்லா எழுது பாயி. என் கதை உன் கையிலதான் இருக்கு. நான் சொன்னதை அழகா ஒரே மூச்சுல எழுதினியே அன்னிக்கு! எனக்கே அழுகை வந்துட்டுது."

கமாலுதீன் சாயாவை ஊதிக் குடிப்பான். சூடு தெரியாது.

செல்லப்பாவின் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளியது அவன்தான்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இது:

"காலை ஏழு மணிக்குத் துறைமுகத்தில் போய் நின்று, சாப்பா கிடைக்காமல் திரும்பி, சாயங்காலம் கூட்டத்துக்குப் போய், கையைத் தூக்கிச் சம்மதம் சொல்லி, வீட்டுக்கு வந்து படுத்து, விடிந்ததும் டாலிப் புத்தகம் கைமாறி, மூப்பனின் ஆட்கள் நாலு பேர் தேடி வந்து, சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்து, எலும்பு ஒடிந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, நாற்பது நாள் கிடந்து எழுந்த செல்லப்பா ஆகிய நான், மேற்படி மூப்பனின் கீழ் இனி வேலை செய்ய முடியாதவனாக இருக்கிறேன்."

டாலிப் புத்தகம் கைமாறி. மூன்று சொல். கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிற்கிற மூன்று சொல். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். அந்தச் சாயங்காலக் கூட்டத்தில் வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கியவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவன் கமாலுதீன். கையில் வேறு காகிதம் இல்லை, டாலிப் புத்தகம்தான் இருந்தது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் பதினேழு பெயர் எழுதினான். முதல் பெயர் செல்லப்பா. எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியவன் அவன். டாலிப் புத்தகத்தைத் தினம் காலையில் மூப்பனிடம் காட்ட வேண்டும், அது வழக்கம். விடிந்ததும் கமாலுதீன் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனான். பக்கத்தின் மூலையில் அச்சடித்த நம்பர் இருந்தது. நாற்பத்தேழுக்கு அப்புறம் நாற்பத்தொன்பது வந்தால் திருட்டு. அன்றைக்கே வேலை போகும். நசீபாவுக்கு அப்போது நிறைமாதம். பக்கத்தைப் பிடித்த விரலை எடுத்தான். புத்தகத்தைக் கொண்டுபோய் மூப்பன் மேசையில் வைத்தான். மூப்பன் கடைசியாக எழுதிய பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டுகிற ஆள் என்று அவனுக்குத் தெரியும்.

பதினாறு பேர் எப்படியோ தப்பினார்கள்.

பெயர் எப்படிப் போயிற்று என்று சங்கத்தில் ஒரு மாதம் பேசினார்கள். மூப்பனின் ஆட்கள் கிளார்க்கிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கியிருப்பார்கள், அவன் என்ன செய்வான் பாவம் என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கமாலுதீன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் கைமாறி என்று மட்டும் எழுதினான். அதே வருஷம் வேறொரு கிட்டங்கியில் ஒருவன் கருங்காலி என்று தெரிந்தது. அவன் மேல் யாரும் கை வைக்கவில்லை. அம்பட்டன் அவன் முகத்தைச் சவரம் செய்யவில்லை, சாயாக்கடைக்காரன் அவனுக்குக் கிளாஸ் எடுக்கவில்லை, தண்ணீர்க் குழாயில் அவன் பெண்டாட்டி குடத்தை வைத்தால் மற்றக் குடமெல்லாம் விலகிப் போயிற்று. இரண்டாம் மாதம் பெட்டி சட்டியோடு படகேறினார்கள். அந்தப் படகில் ஏறியவர்களைக் கமாலுதீன் கரையிலிருந்து எண்ணினான். ஐந்து பேர். கடைசி ஆள் கைக்குழந்தை, குறுக்குக் கோடு.

பத்தாவது ஞாயிறு. செல்லப்பாவின் பக்கம். இங்கிலீஷை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். செல்லப்பா இனி அந்த மூப்பனின் கீழ் வேலை செய்ய முடியாது என்ற கடைசியை முதலில் போட்டான். அப்புறம் காலை, சாப்பா, கூட்டம், கை தூக்கியது, வீடு. அடுத்த வாக்கியம்: மறுநாள் காலை மூப்பனின் ஆட்கள் நாலு பேர் அவனைத் தேடி வந்தார்கள்.

கல்யாணராமன் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதான் கட்டுரைக்கே முதுகெலும்பு. இதை இப்படியே போடறேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"சரி மாஷே."

"டாலி பாத்துடலாம்." பென்சிலை எடுத்து இங்கிலீஷ் பக்கத்தில் துண்டு துண்டாகக் கோடு போட்டார். இரண்டு கட்டு, இரண்டு கோடு. "பன்னிரண்டு."

பிறகு தமிழ்ப் பக்கத்தைத் திருப்பினார். கமாலுதீன் அப்போதுதான் பார்த்தான். எழுத்துக்கு மேல் அவன் கை போட்ட கோடுகள் இருந்தன. வீட்டில் வேலையைத் தொடங்கும்போதே, யோசிக்கும் முன்பே, பழக்கத்தில் கை போட்டுக்கொண்டு போயிருந்தது. இரண்டு கட்டு, மூன்று கோடு. எழுத்தைப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் கோட்டை எண்ணத் தெரியும்.

"இங்க பதிமூணு."

கீழே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"ஒரு மூட்டை குறையறதே கமாலுதீன்? எங்க விழுந்தது?"

"கோடு தப்பா விழுந்திருக்கும் மாஷே."

"நீங்களா? ஒம்பது வாரமா ஒண்ணு கூடத் தப்பலையே?" விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டி, குழந்தை மாதிரி. "வீட்டுக்கு... வந்து... படுத்து. இது இருக்கு. விடிஞ்சதும்... டா... டாலி... புத்தகம் கை... கைமாறி. இது! இது இங்கிலீஷ்ல இல்லை."

"அது முக்கியமில்லன்னு விட்டேன்."

"முக்கியமில்லையா? இது இல்லைன்னா அந்த நாலு பேருக்குச் செல்லப்பா பேரு எப்படித் தெரியும்? நேத்து ராத்திரி கை தூக்கினான், காலையில வந்துட்டா. நடுவில பாலம் இதுதானே?"

கமாலுதீன் பேனாவை எடுத்தான். டாலிப் புத்தகம் கைமாறியது என்று இங்கிலீஷில் எழுதினான். அப்படி எழுத இங்கிலீஷும் இடம் கொடுத்தது. முடிவில் புள்ளி வைத்தான். வைத்ததும் அந்த வாக்கியம் பக்கத்தின் நடுவில் தனியாக நின்றது. சங்கிலிக்குள் இருந்தபோது தோளோடு தோள் உரசி நின்றது. இப்போது முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை.

கல்யாணராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் கையிலேர்ந்து யார் கைக்கு?"

பாலக்காட்டுப் பெரியவர் சொன்னது சரிதான். புள்ளி வைத்த இடத்தில் கேள்வி வந்தது.

"தெரியாது மாஷே."

"செல்லப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவனுக்கும் தெரியாது."

"கேட்டுப் பாத்துடலாம். எப்படியும் அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் கடைக்குப் போகணும். அவர் பேரை அச்சில போடலாமான்னு அனுமதி கேக்கணும். அவருக்கு முன்னால வாசிச்சுக் காட்டிடுங்கோ. அன்னிக்குக் கை தூக்கினவாளையும் வரச் சொல்லுங்கோ, தப்பு இருந்தா சொல்லட்டும்." எழுந்து குடையை எடுத்தார். "இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம். டாலி ஆகலை."

வீட்டுக்கு வந்தான். சோறு இறங்கவில்லை. மூன்று நாள் இறங்கவில்லை. கிட்டங்கியில் எழுபது மூட்டைக்கு அறுபத்தெட்டு எழுதினான், மேஸ்திரி கத்தினான். தெருவில் யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். குழாயடியில் நசீபாவின் குடம் வரிசையில் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். இருந்தது. அடுத்த திங்கட்கிழமை இருக்குமா?

வியாழக்கிழமை நசீபா தட்டை எடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, நாப்பத்தெட்டுல என்னா இருக்கு?"

"எந்த நாப்பத்தெட்டு?"

"ஒறக்கத்துல சொல்லுறீங்களே. நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது. மகன் பொறந்த காலத்துல இருந்து கேக்குறேன். மூட்டைக் கணக்குன்னு விட்டேன். மூட்டைக்கு யாராச்சும் அழுவாங்களா?"

அவன் சொன்னான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் முழுக்கக் கேட்டாள். கடைசியில் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"நான் நிறைமாசமா இருந்தேன்னு சொன்னீங்கள்ல. செல்லப்பாகிட்டச் சொல்லும்போது அதைச் சொல்லாதீங்க. என் வயித்து மேல வைக்காதீங்க."

"சொல்லத்தான் வேணுமா?"

"மாஷு ஞாயித்துக்கிழமை கேப்பாரு, எல்லாரும் உங்க மூஞ்சியப் பாப்பாங்க. உங்க மூஞ்சியில எல்லாம் எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்டப் போயிருங்க."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேரே சாயாக்கடைக்குப் போனான். மத்தியானம், கூட்டம் இல்லை. செல்லப்பா அடுப்பின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"எந்தா கிளார்க்கே, பேயடிச்ச மாதிரி? இரி, சாயா தரேன்."

"வேண்டாம் செல்லப்பா. முதல்ல கேளு."

நின்றுகொண்டே சொன்னான். சங்கிலியாகச் சொல்லத்தான் வாய் போயிற்று. எழுதி, கொண்டுபோய், பயந்து, வைத்து என்று. நடுவில் நிறுத்தினான். முதலிலிருந்து சொன்னான். நான் பெயர்களை எழுதினேன். மறுநாள் காலையில் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. புத்தகத்தை நானே மூப்பன் மேசையில் வைத்தேன். யாரும் பிடுங்கவில்லை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. செல்லப்பா அதை இறக்கவில்லை. கரிந்த வாசம் வந்தது.

"கிழிச்சிருக்கலாமே?"

"பக்கத்துல நம்பர் இருந்துச்சு."

செல்லப்பா குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"என் முட்டுல நம்பர் இல்லையே பாயி."

கமாலுதீன் நின்றான். அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. செல்லப்பா துணியை எடுத்து வழிந்த பாலைத் துடைத்தான். நிதானமாக, மூலை மூலையாகத் துடைத்தான்.

"அந்த வாக்குமூலத்தை எழுதின அன்னிக்கு நான் அழுதேன். உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீயும் அழுத. எனக்காக நீ அழுறேன்னு நெனச்சேன்."

செல்லப்பா துணியை வாளியில் முக்கினான்.

"ஞாயித்துக்கிழமை மாஷ் வரட்டும். நான் எல்லாரையும் வரச் சொல்றேன். நீ வாசி. இதையும் வாசி. நம்பர் இருந்ததையும் வாசி. யாருக்காகவும் ஒரு வார்த்தை கூட்டாத, கொறைக்காத." துணியைப் பிழிந்தான். "இப்பப் போ. என் முன்னால நிக்காத."

சனிக்கிழமை முழுவதும் ஒரே எண்ணம்தான்: படகு. விடிகாலைப் படகில் நசீபாவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்விடலாம். படகுத்துறை வரைக்கும் நடந்தான். எறணாகுளத்துப் படகு வந்து நின்றது. ஏறுகிறவர்களை எண்ணினான். முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதாக ஏறவில்லை. திரும்பி வந்து விளக்கேற்றும் முன் அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினேழில் மிச்சம் பேர் செத்துப்போனார்கள் அல்லது ஊரை விட்டுப் போனார்கள். கல்யாணராமனுக்கு ஒரு நாற்காலி. கமாலுதீனுக்கு ஸ்டூல். ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் வாசித்து, தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

வாசித்தான். இனி செல்லப்பாவால் அந்த மூப்பனின் கீழ் வேலை செய்ய முடியாது. ஒருவன் "சரி" என்றான். ஒரு காலையில் ஏழு மணிக்குத் துறைமுகத்தில் நின்றான், சாப்பா கிடைக்கவில்லை. "அதுதான் தினப்படி" என்று இன்னொருவன் சிரித்தான். அன்று சாயங்காலம் கூட்டத்துக்குப் போய்க் கை தூக்கினான். வீட்டுக்கு வந்து படுத்தான்.

கமாலுதீன் அடுத்த வரியில் விரலை வைத்தான். கல்யாணராமன் காகிதத்தை எட்டிப் பார்த்தார். போன வாரம் ஒரு வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது மூன்று இருந்தன.

வாசித்தான்.

"கூட்டத்தில் கை தூக்கியவர்களின் பெயரை டாலி கிளார்க் கமாலுதீன் தன் புத்தகத்தில் எழுதியிருந்தான். பக்கத்தில் நம்பர் அச்சடித்திருந்ததால் அவன் அதைக் கிழிக்கப் பயந்தான். மறுநாள் காலை அவன் புத்தகத்தை மூப்பனிடம் கொடுத்தான்."

பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. பின்வரிசையில் யாரோ "நாயே" என்றார்கள். மெதுவாகத்தான். வாசல் பக்கம் இருந்தவன் எழுந்தான். செல்லப்பா கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினான்.

"இரி. இன்னும் முடியல. முழுசும் வாசிக்கட்டும்."

மிச்சம் ஆறு துண்டு இருந்தன. நாலு பேர் வந்ததையும், கிட்டங்கிக்குப் பின்னால் கூட்டிப்போனதையும், கம்பியையும், எலும்பையும் கமாலுதீன் வாசித்தான். தன் குரல் வேறொருவன் குரலாகக் காதில் விழுந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியை வாசித்து முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கல்யாணராமன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "செல்லப்பா, இதை... இப்படியே அச்சில போடலாமா?" என்று கேட்டார்.

"போடுங்க மாஷே. என் பேரும் போடுங்க. அவன் பேரும் போடுங்க."

செல்லப்பா சாயா ஊற்றினான். பன்னிரண்டு கிளாஸ். கமாலுதீன் எண்ணினான், அவனால் எண்ணாமல் இருக்க முடியாது. செல்லப்பாவோடும் மாஷோடும் அவனோடும் சேர்த்து அங்கே பதினாலு பேர். செல்லப்பா தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. பன்னிரண்டும் மற்றவர்கள் கைக்குப் போயின.

கமாலுதீன் கையில் காகிதத்தோடு எழுந்து வெளியே போனான். யாரும் அடிக்கவில்லை. வழிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் இருந்தானா என்றால் இருந்தான். வேலையும் இருந்தது. அந்த மூப்பன் எப்போதோ ஆலப்புழைக்குப் போய்விட்டான், கிட்டங்கிக்காரர்களுக்கு எண்ணத் தெரிந்தவன் வேண்டும். துறைமுகத்தில் பேச்சு நின்றது. சவரம் செய்துகொள்ளத் தோப்பும்படிவரை நடந்தான். நசீபாவின் குடத்தை முதல் வாரம் தள்ளி வைத்தார்கள். அவள் ஒன்றும் பேசாமல் தினம் அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாம் மாதம் சீனியம்மாள் தன் குடத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். அது எதற்காக என்று சீனியம்மாள் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்கும் முன் கமாலுதீன் கொஞ்ச நேரம் நின்று வெளியே சத்தம் கேட்டுவிட்டுத்தான் திறப்பான்.

எட்டு மாதம் கழித்து ஒரு பையன் வந்து, செல்லப்பா கூப்பிடுவதாகச் சொன்னான். கமாலுதீன் உடனே போனான்.

கடையில் வேறு யாரும் இல்லை. பெஞ்சின் மேல் சாம்பல் நிற அட்டை போட்ட புத்தகம். பம்பாயிலிருந்து வந்தது.

"மாஷ் குடுத்துட்டுப் போனாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒண்ணும் விடலைன்னு சொன்னாரு. நான் நம்பல. எண்ணிச் சொல்லு."

கமாலுதீன் பக்கத்தைத் தேடி எடுத்தான். செல்லப்பா அடுப்புக் கரித் துண்டு ஒன்றை நீட்டினான். கமாலுதீன் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே. நாலு நிமிர்ந்து, ஒன்று குறுக்கே. அப்புறம் மூன்று. செல்லப்பா ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழாவது கோடு, டாலிப் புத்தகத்தின் மூன்று வாக்கியத்துக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கோடு, கோணலாக விழுந்தது.

"பதிமூணு" என்றான் கமாலுதீன்.

"சரியா?"

"சரி."

"அப்ப அடியில கையெழுத்துப் போடு."

சுவரிலா என்று கமாலுதீன் பார்த்தான். சுவரில்தான். போட்டான். செல்லப்பா திரும்பி அடுப்பைக் கவனிக்கப் போனான். சாயா வேண்டுமா என்று கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கமாலுதீன் கரித் துண்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றான்.